மூன்று தடவை பல் தேய்த்தும் போகாத வாடை

யாங்கோன் தாத்தா:
போன மாதம் பேத்திக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். "தாத்தா, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு சொல்லுங்க" என்றாள். வீட்டில் பெரியவர்கள் யாரும் இதுவரை வாயைத் திறக்கவில்லை. நானோ தினம் மூன்று தடவை பல் தேய்ப்பவன்! முதலில் தினம் சாப்பிடும் ஙப்பி மீன் விழுது மேல் பழியைப் போட்டு ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன். மாற்றமில்லை. அப்புறம் கண்ணாடியில் நாக்கைப் பார்த்தால், பின்பக்கம் மாவு பூசினதுபோல மஞ்சள் படிந்திருந்தது. வழிப்பான் வாங்கி, அடியிலிருந்து முன்பக்கமாக வழித்தேன். பாதி குறைந்தது. ஆனால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடும்.

கடைசியில் பல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் மெழுகு நூலை எடுத்துக் கீழ் வரிசையில் கடைசி இரண்டு பல்லுக்கு நடுவே விட்டு இழுத்து, "மோந்து பாருங்க" என்று நீட்டினார். அழுகின முட்டைதான், வேறென்ன சொல்ல! நூலில் ரத்தமும் இருந்தது. ஈறுக்குள்ளே காரை கல்லாக இறுகி, ஈறு பல்லைவிட்டு விலகியிருக்கிறதாம். அந்தப் பள்ளத்துக்குள் பிரஷ் எட்டாது. இரண்டு தடவை உட்காரவைத்துச் சுரண்டி எடுத்தார். ஒரு வாரம் தண்ணீர் பட்டாலே கூசியது. இப்போது ராத்திரி நூல் விடுகிறேன், ரத்தம் வருவதில்லை. பகலில் வாடையும் இல்லை. விடிகாலையில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

மோல்மேன் அக்கா:
எல்லாம் வயிற்றுச் சூடு அண்ணே. ராத்திரி வெந்தயம் ஊறவைத்துக் குடியுங்கள், கிராம்பு ஒன்று வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். எனக்குச் சரியாகிவிட்டது.

தட்டோன் நர்ஸ் (ஓய்வு):
கிராம்பு வாசனையில் கொஞ்ச நேரம் மறைந்திருக்கும் அக்கா, அவ்வளவுதான். வயிற்றால் வருவது அபூர்வம், பெரும்பாலும் வாயிலிருந்துதான் வரும். அண்ணே, ராத்திரி ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா?

யாங்கோன் தாத்தா:
தும்மலுக்கு செட்ரிசின் போடுகிறேன். எழுந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தட்டோன் நர்ஸ் (ஓய்வு):
அது எச்சிலை வற்றவைக்கும். எச்சில்தான் வாயைக் கழுவுவது. நீங்களாக நிறுத்தாமல், மாற்று இருக்கிறதா என்று மருந்து கொடுத்தவரிடம் கேளுங்கள். வாயைத் திறந்துகொண்டு தூங்கினாலும் இதே கதைதான், அதை வீட்டம்மாவிடம் கேளுங்கள். சாராயம் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், இன்னும் வறளும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிளாஸில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் போதும்.

பெகு தம்பி:
எனக்கும் வாய்ப் பிரச்சினைதான். கூன்யான்னு வெற்றிலை பாக்கு போட ஆரம்பிச்சுப் பதினைந்து வருஷம். இப்போ காரம் பட்டால் எரியுது, வாய் முன்னே மாதிரித் திறக்கல. எந்தப் பேஸ்ட் நல்லது?

தட்டோன் நர்ஸ் (ஓய்வு):
தம்பி, உங்கள் கதை வேறு. பேஸ்டை விடுங்கள், பாக்கை இன்றைக்கே நிறுத்துங்கள். மூன்று விரலை அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவே விட்டுப் பாருங்கள்.

பெகு தம்பி:
இரண்டுதான் போகுது அக்கா.

தட்டோன் நர்ஸ் (ஓய்வு):
இந்த வாரமே பல் டாக்டரிடம் காட்டுங்கள். கன்னத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

யாங்கோன் தாத்தா:
வீட்டுக்காரியிடம் கேட்டேன். வாயைத் திறந்துதான் தூங்குகிறேனாம், முப்பது வருஷமாக. இப்போதுதான் சொல்கிறாள்!