[கலைச்சொல்] வளைந்த மேற்கோளை நேராக்கும் வேலைக்கு என்ன பெயர்?

மீனா:
அனைவருக்கும் வணக்கம். உரை திருத்தும் கருவி ஒன்றின் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேர்டிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ ஒட்டிய உரையில் வளைந்த மேற்கோள், நீண்ட கோடு, பிரியா இடைவெளி எல்லாம் வந்துவிடும். அவற்றை விசைப்பலகையில் உள்ள எளிய குறிகளாக மாற்ற அதில் ஒரு கட்டளை உண்டு. அந்தச் செயலுக்கு ஒரே சொல் வேண்டும். இப்போதைக்கு ‘இயல்பாக்கம்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

சேகர்:
அதுவே போதும். பைத்தானில் `unicodedata.normalize("NFKC", s)` என்று ஒரு வரி போட்டால் எல்லாம் சுத்தம். இருக்கிற சொல்லை விட்டுப் புதிதாக எதற்கு?

இளங்கோ:
சேகர் சொல்வதில் பாதி சரி. NFKC பிரியா இடைவெளியை மட்டும் சாதாரண இடைவெளியாக்கும். “ ” — மூன்றையும் தொடவே தொடாது. கேட்காத வேலையையும் செய்யும்: 10 மீ² என்பது 10 மீ2 ஆகிவிடும். கையேட்டில் ‘இயல்பாக்கம்’ என்று படிப்பவர் நேராக அங்கேதான் போய் விழுவார். ஆகவே வேறு சொல் வேண்டும்.

வேலையும் பார்ப்பதுபோல் எளிதில்லை. எங்கள் அலுவலகத்தில் கிளைகள் அனுப்பும் உரைகளை இரவில் ஒரு நிரல் சேர்க்கும். அதில் நான் எழுதியது:

```
sed 's/[“”]/"/g' in.txt > out.txt
```

முனையத்தில் ஓட்டிப் பார்த்தேன், அருமை. cron வழியாக ஓடிய மறுநாள் காலை ‘ராஜா’ என்ற பெயர் `ரா�"ா` என்று நிற்கிறது. ‘வீடு’ம் உடைந்திருக்கிறது. மேற்கோள் இருந்த இடங்களில் ஒன்றுக்கு மூன்றாக `"""`. அந்த மூன்றுதான் துப்புக் கொடுத்தது.

cron சூழலில் மொழி அமைப்பு `C` ஆக இருந்ததால் `sed` எழுத்தாகப் பார்க்கவில்லை, பைட் பைட்டாகப் பார்த்தது. “ என்பது யுடிஎஃப்-8இல் `E2 80 9C`. சதுர அடைப்புக்குறி ‘இவற்றில் எந்த பைட் வந்தாலும்’ என்று பொருள்பட்டுவிட்டது. நம் ஜ `E0 AE 9C`, ஈகாரக் குறி `E0 AF 80`. இரண்டின் வாலும் அறுந்தது. அடைப்பை எடுத்தால் மூன்று பைட்டும் வரிசையாக வந்தால்தான் பொருந்தும், எந்தச் சூழலிலும் சரியாக ஓடும்:

```
sed 's/“/"/g; s/”/"/g' in.txt > out.txt
```

லினக்ஸில் `tr` கொண்டு செய்யவே செய்யாதீர்கள். எந்த மொழி அமைப்பானாலும் அதற்கு இதே நோய்.

சொல்லுக்கு வருகிறேன். விசையில் உள்ள குறிகளாக ஆக்குவதால் ‘விசைக்குறியாக்கம்’?

பாத்திமா:
இளங்கோ அண்ணே, சேர்த்துப் படித்துப் பாருங்கள்: விசை, குறியாக்கம். சாவி போட்டுப் பூட்டுகிற மறைக்குறியாக்கம் என்றல்லவா நினைப்பார்கள்! ‘குறிமீட்பு’ என்றால்?

ராமசாமி:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எக்செல்லில் உறுப்பினர் பட்டியலில் TRIM போட்டும் இரண்டு பெயர்கள் பொருந்த மாட்டேன் என்கின்றன. கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இதுவும் அந்தக் கோளாறுதானா?

இளங்கோ:
பெரும்பாலும் அதேதான் ஐயா. TRIM சாதாரண இடைவெளியை மட்டுமே நீக்கும். விண்டோஸ் என்றால் `=CODE(RIGHT(A2))` போட்டுப் பாருங்கள். 160 வந்தால் கடைசியில் பிரியா இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது `=TRIM(SUBSTITUTE(A2,CHAR(160)," "))`.

பாத்திமா, ‘மீட்பு’ எனக்கு உறுத்துகிறது. சில வலைப்பதிவுகள் `--help` என்பதை `–help` ஆக்கிவிடும். அந்தக் கோட்டை ஒரு சிறுகோடாக மாற்றினால் `-help`, கட்டளை பிழை. ஆனால் 1990–95 என்பதில் ஒன்றுதான் வேண்டும். முன்பு என்ன இருந்தது என்று நிரலுக்குத் தெரியாதபோது, மீட்டுத் தருவதாகச் சொல்லக் கூடாது.

ராமசாமி:
160 வந்தது! நன்றி தம்பி. ஆனால் ‘பிரியா இடைவெளி’ என்கிறீர்களே, பிரியாமல் இருப்பது இடைவெளியா, அதன் இரு பக்கச் சொற்களா? ஒரே வரியில் ஒட்டி வைப்பதால் ‘ஒட்டிடைவெளி’ எனலாமே.

சேகர்:
ஒட்டிடைவெளி என்றால் இடைவெளியே இல்லை என்று தோன்றும் ஐயா. நான் ‘பிரியா’வையே வைத்துக்கொள்கிறேன். NFKC விஷயம் சோதித்தேன், மேற்கோள் அப்படியே இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

மீனா:
அப்படியானால் ‘குறிநேராக்கம்’? மீட்பதாகச் சொல்லவில்லை, பூட்டுச் சாவியும் இல்லை.

பாத்திமா:
மேற்கோளுக்குப் பொருத்தம். இடைவெளியில் எதை அக்கா நேராக்குவது?

மீனா:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. கையேட்டில் ‘குறிநேராக்கம்’ என்று போட்டு, கீழே எந்தெந்தக் குறி எதுவாக மாறும் என்று அட்டவணை வைக்கிறேன். நீண்ட கோட்டுக்கு நேரே ‘பயனர் தேர்வு’ என்று எழுதிவிடுகிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், அன்றுதான் அச்சுக்கு அனுப்புகிறேன்.