பால்போத்தலுக்கு ஒரு நோட்டீஸ், வெங்காயத் தோட்டத்துக்கு ஒரு நோட்டீஸ்?

வாசிகசாலைத் தம்பி:
எங்கள் ஊர்க் கிணறு நாலைந்தில் நைத்திரேற்று கூட என்று பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. சனசமூக நிலையத்துக்காக நோட்டீஸ் எழுதுகிறேன். முடிவை முதல் வரியிலேயே போடுவதா, காரணத்தைச் சொல்லிக்கொண்டு வந்து கடைசியில் போடுவதா? ஒரு தாள் அடிக்கத்தான் காசு இருக்கிறது.

செய்தி மேசை:
முதல் வரியில் போடுங்கள் தம்பி, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் பக்கத்தில் இடம் போதாவிட்டால் செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவோம். முக்கியமானதைக் கடைசியில் வைத்தவனின் செய்தி தலையில்லாமல் போகும். நோட்டீஸ் வாசிக்கிறவனும் அப்படித்தான் வெட்டுகிறான். சைக்கிளை நிறுத்தாமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இரண்டு வரி பார்ப்பான், போய்விடுவான். "கிணற்றுத் தண்ணீரைப் பாவிக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் போடுங்கள். மிச்சத்தை எல்லாம் கீழே எழுதுங்கள்.

உரும்பிராய்த் தோட்டக்காரன்:
அண்ணை, அந்த வரியை வாசித்தால் நான் கீழே ஒரு சொல்லும் வாசிக்க மாட்டேன். அடுத்த வரியில் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். வெங்காயத்துக்கு உரம் போடுகிறவன்தான் குற்றவாளி என்று வரும். 2021 இல் எங்களுக்கு முடிவைத்தான் முதலில் சொன்னார்கள். இரசாயன உரம் இனி இல்லை என்று ஏப்ரலில் அறிவித்து, பயிர் படுத்த பிறகு நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு உரத்தைக் குறை என்று தொடங்குகிற எந்தத் தாளும் எங்கள் பக்கத்தில் செல்லாது. முதலில் காரணத்தைக் காட்டுங்கள். எங்கள் கண்ணால் பார்த்ததில் இருந்து தொடங்குங்கள்.

கோண்டாவில் மச்சான்:
எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான். மாமி தண்ணீரைக் கொதிக்க வைத்து, மண் பில்டரில் விட்டு, பிறகுதான் பேரனுக்குப் பால்மா கரைக்கிறார். நல்ல பில்டர் எது என்று யாராவது சொல்லுங்கோ.

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ:
மச்சான், நீங்கள் கேட்டது வேறு கேள்வி. ஆனால் உங்கள் வீட்டுப் பால்போத்தல்தான் தம்பியின் நோட்டீஸின் முதல் வரி, அதனால் முதலில் உங்களுக்கு. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகவில்லை என்றால், அந்தத் தண்ணீரில் பால்மா கரைப்பதை இன்றே நிறுத்துங்கள். பரிசோதித்துக் குறைவு என்று கண்ட தண்ணீர் எடுங்கள். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. மண் பில்டரிலும் போகாது, குளோரின் போட்டாலும் போகாது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் சுத்திகரிக்கிற இயந்திரம் குறைக்கும், ஆனால் அதையும் இடைக்கிடை பரிசோதிக்க வேண்டும்.

இனி தம்பிக்கு. உங்கள் கிணற்றில் லீற்றருக்கு 60 மில்லிகிராம் என்று வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 50. இரண்டு லீற்றரைக் கேத்தலில் கொதிக்க விட்டு அது ஒன்றரை லீற்றராக வற்றினால், இருந்த 120 மில்லிகிராமும் அந்த ஒன்றரை லீற்றருக்குள்தான் நிற்கும். லீற்றருக்கு 80 ஆகிவிடும். கவனமான தாய் அதிக நேரம் கொதிக்க வைப்பாள், அதனால் கெடுதியும் அதிகமாகும்.

இங்கே முடிவை முதலில் சொல்லத்தான் வேண்டும். அவளிடம் பொறுமை இல்லை, பிள்ளை அழுகிறது, முடிவை அவள் எதிர்க்கப் போவதும் இல்லை. ஆனால் செய்தி மேசை அண்ணை சொன்ன வரி பிழை. "பாவிக்க வேண்டாம்" என்றால் குளிக்க வார்க்கவும் பயப்படுவாள், தான் குடிக்கிற தண்ணீரை நினைத்துத் தாய்ப்பாலையும் நிறுத்துவாள். தாய் குடிக்கிற தண்ணீரில் இருந்து பாலுக்குள் அப்படிப் பெரிதாகப் போவதில்லை. தாய்ப்பாலை நிறுத்திப் பால்மாவுக்கு மாறினால், இல்லாத ஆபத்தை நாங்களே உண்டாக்கியது ஆகும். முடிவைச் சுருக்குகிறபோது அதன் எல்லையையும் சேர்த்து வெட்டிவிடக் கூடாது. நான் இப்படி எழுதுவேன்:

"ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு இந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம். கொதிக்க வைத்தாலும் சரிவராது, வற்ற வற்ற நைத்திரேற்று கூடும். தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். குளிக்கலாம், துவைக்கலாம்."

இரண்டாவது வசனத்தில் காரணத்தை ஒட்டியது வேண்டுமென்றுதான். கொதித்தாறின தண்ணீர் கொடுங்கள் என்று எத்தனையோ வருடமாக வீடு வீடாகச் சொன்னவர்கள் நாங்கள்தான். முன்பு சொன்னதற்கு எதிராக ஒன்றைச் சொல்லும்போது காரணத்தையும் அதே இடத்தில் வைக்காவிட்டால் நம்ப மாட்டார்கள்.

செய்தி மேசை:
சரி, அந்த வரியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவுதானே முதலில் நிற்கிறது? தோட்டக்காரருக்கும் அப்படியே எழுதினால் என்ன?

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ:
எழுதிப் பார்த்திருக்கிறேன் அண்ணை. ஒருமுறை கமக்காரர் கூட்டமொன்றில் எடுத்த எடுப்பிலேயே யூரியாவைக் குறையுங்கள் என்று தொடங்கினேன். அதற்குப் பிறகு நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுப்பு வந்தது. மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட இருப்பதுதான் காரணம் என்றார் ஒருவர், அதிலும் உண்மை இருக்கிறது. அவர்களுக்கு நேரம் இருந்தது, பாய் போட்டு இருந்தவர்கள். நான்தான் பொறுமை இல்லாமல் தொடங்கினேன்.

அடுத்த கூட்டத்தில் அவர்களிடமே கேட்டேன். உரம் எறிந்த அடுத்த நாள் தண்ணீர் இறைக்கிறீர்கள், வாய்க்கால் நிறைந்து பாத்தி மூழ்கி நிற்கிறது, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? கீழே என்றார்கள். கீழே என்ன? செம்மண், அதற்குக் கீழ் சுண்ணாம்புக் கல். நைத்திரேற்று மண்ணில் ஒட்டி நிற்காது, தண்ணீரோடு போகும். கல்லில் வெடிப்பும் குழியும், அதற்குள்தான் எங்கள் கிணற்று ஊற்று. அப்போது பின்னாலிருந்த ஒரு ஐயா, "அப்ப காசு கொடுத்து வாங்கின உரத்தைக் கிணத்துக்குள்ளதான் கொட்டுறம்" என்றார். முடிவை நான் சொல்லவில்லை. உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடுவது, இறைப்பைக் குறைப்பது பற்றி அதற்குப் பிறகுதான் கதைத்தோம்.

உரும்பிராய்த் தோட்டக்காரன்:
இதைத்தான் சொன்னேன்.

செய்தி மேசை:
அது கூட்டம், பி.எச்.ஐ. ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் கேட்கிறீர்கள், அவர்கள் சொல்கிறார்கள். தாளில் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்லப் போகிறார்கள்? சுண்ணாம்புக் கல்லில் தொடங்கின நோட்டீஸ் கடலை சுற்றத்தான் போகும்.

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ:
கல்லில் தொடங்கினால் போகும்தான், அண்ணை சொல்வது சரி. தாளில் என்றால் அவர்களின் சொந்தக் கணக்கில் தொடங்க வேண்டும். இந்தப் போகத்தில் உரத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், அதில் எவ்வளவு வெங்காயத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று தொடங்கலாம். ஆனாலும் தாளில் கூட்டத்தின் பாதி வேலைதான் நடக்கும்.

தம்பி, ஒன்று செய்யுங்கள். அடிக்க முன்னம் யாரிடமாவது தாளைக் கொடுத்து, பத்து எண்ணிவிட்டுத் திருப்பி வாங்குங்கள். "என்ன செய்யச் சொல்லுது?" என்று கேளுங்கள். பால்போத்தல் செய்திக்கு அது போதும். தோட்டக்காரருக்கான செய்திக்கு வேறு கேள்வி: வாசித்து முடித்தாரா, எந்த இடத்தில் முகம் சுளித்தார்?

வாசிகசாலைத் தம்பி:
இரண்டு பக்கமும் அடித்து, ஒரு பக்கம் பால்போத்தல், மறுபக்கம் தோட்டம் என்று யோசிக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துப் பார்த்தேன். பத்து எண்ண முதலே "பால்மாவுக்கு வேறை தண்ணி, குளிக்க வார்க்கலாம்" என்றார். அம்மப்பாவிடம் மறுபக்கத்தைக் கொடுத்தேன். உரக் கணக்கு மட்டும் வாசித்தார், பிறகு கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்து இருந்துவிட்டார். மிச்சத்தை வாசிக்கவில்லை.

இன்னொரு சிக்கல். என் அறிக்கையில் 12 என்றுதான் இருக்கிறது. 50க்குக் கீழே என்று தலைவர் நோட்டீஸே வேண்டாம் என்கிறார்.

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ:
அது முழு நைத்திரேற்றா, அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்ட நைத்திரேற்று நைதரசனா என்று அறிக்கையில் பாருங்கள். நைதரசனாக 12 என்றால் 4.43 ஆல் பெருக்க வேண்டும், 53 வரும். நோட்டீஸில் இலக்கம் போட்டால் எந்தக் கணக்கு என்றும் போடுங்கள்.

வாசிகசாலைத் தம்பி:
நைதரசன் என்றுதான் இருக்கிறது. தலைவரிடம் இன்றே காட்டுகிறேன். பலகையில் ஒட்டினால் ஒரு பக்கம்தானே தெரியும், எதை வெளியே விடுவது?

உரும்பிராய்த் தோட்டக்காரன்:
வாசிகசாலைக்கு வருகிறது நாங்கள். எங்கள் பக்கத்தை விடுங்கள்.

செய்தி மேசை:
பிள்ளையின் பக்கத்தை விடுங்கள் தம்பி. தோட்டம் அடுத்த போகம் வரை பொறுக்கும்.