சர்க்கரை நோயுள்ள நாய்க்குக் கண்புரை: அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கலாமா?

எங்கள் மணிக்கு 9 வயது, பொமரேனியன், 8 கிலோ. இரண்டு மாதம் முன்பு சர்க்கரை நோய் என்று தெரிந்து, தினம் இரண்டு வேளை இன்சுலின் போடுகிறோம். போன வாரம் வரை பந்தைத் துரத்தியவள், இப்போது சுவரில் முட்டிக்கொள்கிறாள். பத்தே நாளில் இரண்டு கண்ணும் வெளுத்துவிட்டன.

ரத்தத்தில் ஏறிய சர்க்கரை லென்ஸுக்குள் போய்ச் சார்பிட்டாலாக மாறித் தண்ணீரை இழுக்கிறதாம். அதனால்தான் இவ்வளவு வேகம். லென்ஸ் வீங்கி, அதன் புரதம் வெளியே கசிந்தால் கண்ணுக்குள் அழற்சி வரும். மணியின் இடது கண் சிவந்திருக்கிறது, வெளிச்சத்தில் சுருக்குகிறாள். அந்தக் கண்ணின் அழுத்தம் 7, வலது கண்ணில் 14. அழுத்தம் இப்படிக் குறைவது அழற்சியின் அடையாளம் என்றார் டாக்டர். முற்றினால் பிறகு அழுத்தம் ஏறி கிளாக்கோமா ஆகலாம், விழித்திரையும் கழன்றுவிடலாம்.

ஒரு டாக்டர், சர்க்கரை முழுதாகக் கட்டுப்பட மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார். கண் மருத்துவரோ, மயக்கமருந்து தாங்கும் அளவுக்குச் சர்க்கரை நிலையாக இருந்தால் போதும், லென்ஸ் உறை கிழியும் முன் செய்துவிடலாம் என்கிறார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அதுவரை அழற்சிக்குச் சொட்டு மருந்து விடுகிறோம்.

சர்க்கரை ஏற்ற இறக்கமாக இருந்தபோதே அறுவை சிகிச்சை செய்தவர்கள் இருக்கிறீர்களா? ஸ்டீராய்டு சொட்டால் இன்சுலின் அளவை மாற்ற வேண்டி வந்ததா? அப்புறம், விழித்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஈஆர்ஜி பரிசோதனை மதுரைப் பக்கம் எங்கே கிடைக்கும்?