தொடர் படங்களில் மாறாத முகமும் உடையும்: கலைச்சொல் தேவை

சிறுவர் நூல் தொகுப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கதைப் படங்கள் உருவாக்குவோருக்காக ஒரு கையேட்டைத் தொகுத்து வருகிறேன். பன்னிரண்டு படங்களிலும் ஒரே கார்ட்டூன் பாத்திரத்தின் முகமும் உடையும் மாறாமல் வருவதைக் குறிக்க ஒரு சொல் வேண்டும். 'பாத்திர நிலைத்தன்மை' என்று எழுதியிருந்தேன். படித்த என் தங்கை, பாத்திரம் அடுப்பில் ஆடாமல் நிற்பதையா சொல்கிறாய் என்று கேட்டுவிட்டாள். 'மாந்தர்' என்றாலோ, காகமும் முயலும் வரும் கதைகளுக்குப் பொருந்தாது.

மென்பொருளாளர்:

படம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விதை எண்ணை மாற்றாமல் வைத்தாலே ஒரே படம் திரும்ப வரும். எனவே 'விதைப் பிணைப்பு' என்பது போதுமான சொல் என்று கருதுகிறேன்.

ஓவியர்:

நண்பர் சொல்வதில் பாதி சரி. விதை எண் நிலைநிறுத்துவது தொடக்கத்தில் உள்ள இரைச்சலை, அதாவது படம் உருவாகத் தொடங்கும் தாறுமாறான புள்ளிகளை, மட்டுமே. நாம் எழுதிக் கொடுக்கும் ப்ராம்ப்டும் அமைப்புகளும் மாறாதவரை அதே படம் வரும். ஆனால் 'நிற்கிறாள்' என்பதை 'மிதிவண்டி ஓட்டுகிறாள்' என்று மாற்றினால், அதே இரைச்சலிலிருந்து வேறொரு சிறுமி புறப்பட்டு வரக்கூடும். கதைக்குத் தேவை அதே படம் அன்று, வேறு படத்தில் அதே ஆள்.

மேலும், தொகுப்பாளர் ஒரு சொல்லில் அடக்க நினைப்பது இரண்டு வெவ்வேறு தேவைகளை. நான் ஒரு சிறுமியின் இருபது படங்களைக் கொண்டு, அவளைப் படம் உருவாக்கும் மாடலுக்குக் கற்பிக்கும் சிறு துணைக்கோப்பான லோராவைப் பயிற்சி செய்தேன். எல்லாவற்றிலும் அவள் மஞ்சள் மழைக்கோட்டு அணிந்திருந்தாள். படக்குறிப்புகளில் கோட்டைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. குறிப்பில் சொல்லாத எதுவும் பாத்திரத்துக்குக் குறிப்பில் நாம் வைத்த பெயரோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், படுக்கையில் உறங்கும் காட்சியிலும் அவள் கோட்டோடுதான் வந்தாள். வேறு உடைகளில் சில படங்களைச் சேர்த்து, ஒவ்வொரு குறிப்பிலும் உடையின் பெயரை எழுதி மறுபடி பயிற்றுவித்த பிறகே முகம் வேறு, கோட்டு வேறு என்று பிரிந்தன. முகம் எப்போதும் அவளுடையதாக இருக்க வேண்டும். உடை காட்சிக்கேற்ப மாறலாம், ஆனால் ஒரு காட்சிக்குள் மாறக் கூடாது. ஆகவே முகத்துக்கு 'உருவொருமை' என்றும், திரைப்படத்தாரின் வழக்கைப் பின்பற்றி உடைக்கு 'உடைத் தொடர்ச்சி' என்றும் முன்மொழிகிறேன்.

வாசகர் ஒருவர்:

எனக்கும் இதே சிக்கல்தான். என் படங்களில் சில நீர்வண்ணம் போலவும் சில பென்சில் கோடு போலவும் வருகின்றன. 'பாணியொருமை' எனலாமே?

ஓவியர்:

அது நல்ல சொல், ஆனால் வேறு பொருளுக்கு. பாணி ஒன்றாகவே இருந்தும் முகம் மாறிப்போவதுதான் இங்கே பேச்சு.

தொகுப்பாளர்:

எதிர்நிலைக்கும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. நான் ஒவ்வொரு படத்தையும் அடுத்ததற்கு மாதிரியாகக் கொடுத்துக்கொண்டே போனேன். அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டபோது குறையேதும் தெரியவில்லை. முதல் படத்தையும் ஏழாவதையும் அருகருகே வைத்தபோதுதான் கோட்டில் நான்கு பொத்தான்கள் மூன்றாகி, வட்டக் கண்ணாடி நீள்வட்டமாகி, தாடை கூர்ந்திருந்ததைக் கண்டேன். இதை 'உரு நழுவல்' என்று அழைக்கலாமா?

ஓவியர்:

மிகவும் பொருத்தம். சிறு பிழைகள் படத்துக்குப் படம் சேர்ந்துகொண்டே போவதால் வருவது அது. முன், பக்கவாட்டு, முக்கால்பக்கத் தோற்றங்கள் கொண்ட மூலத் தாள் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு முறையும் அதையே மாதிரியாகக் கொடுங்கள். ஆனால் மாதிரியின் வலுவை மிக உயர்த்தினால் முகத்தோடு அதன் நிற்கும் நிலையும் சேர்ந்து வந்துவிடும். மிதிவண்டியில் போகிறவளும் புகைப்படத்துக்கு நிற்பது போல நம்மையே பார்ப்பாள்.

தமிழாசிரியர்:

'ஒருமை' என்றதும் மாணவருக்குப் பன்மைதான் நினைவுக்கு வரும். 'உருமாறாமை' என்றும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் சிரிப்பும் அழுகையும் முகத்தில் மாறத்தானே வேண்டும்? மாற்றம் அனைத்தையும் மறுக்கும் சொல் இங்கே பொய்யாகிவிடும். 'உருநிலைப்பு' என்றால், மாற்றங்களுக்கு நடுவே நிலைத்திருப்பது என்ற பொருளுக்கு இடம் கிடைக்கிறது.

ஓவியர்:

எனக்கு 'நிலைப்பு' அசையாத சிலையை நினைவூட்டுகிறது. 'உருவொருமை'யை விட மனம் வரவில்லை.

தொகுப்பாளர்:

கையேட்டில் 'உரு நழுவல்', 'உடைத் தொடர்ச்சி' இரண்டையும் ஏற்றிவிட்டேன். முகத்துக்கான இடத்தில் இரு சொற்களையும் சாய்கோட்டிட்டு வைத்திருக்கிறேன். ஓர் ஐயம்: என் சிறுமியின் கண்ணாடி முகத்தைச் சேர்ந்ததா, உடையைச் சேர்ந்ததா?

ஓவியர்:

அவள் கதையில் எங்காவது அதைக் கழற்றுகிறாளா? இல்லையெனில் படக்குறிப்பில் எழுதாதீர்கள். அது முகத்தோடே போகட்டும்.

தொகுப்பாளர்:

ஒன்பதாம் படத்தில் கழற்றுகிறாள்.