கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் சிம் துண்டிக்கப்படும் என்று செய்தி: அப்பா 10 ரூபாய் கட்டிவிட்டார், இப்போது என்ன செய்வது?

அலைவாய்க்கரை (காலை 11.32)

இன்று காலை பத்தரை மணிக்கு என் அப்பாவின் கைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. சிம் கார்டின் கேஒய்சி எனப்படும் அடையாளச் சரிபார்ப்பு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, 24 மணி நேரத்தில் எண் துண்டிக்கப்படும், உடனே அதிகாரியை அழையுங்கள் என்பது அதன் சாரம். கீழே பத்து இலக்கக் கைபேசி எண் ஒன்று. அப்பாவின் ஓய்வூதியக் கணக்கு முதல் சமையல் எரிவாயு வரை எல்லாம் அந்த எண்ணோடுதான் இணைந்திருக்கின்றன. பதறிப்போய் அழைத்துவிட்டார்.

பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினாராம். கடைக்கு அலைய வேண்டாம், வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று சொல்லி, ப்ளே ஸ்டோரிலிருந்து ஒரு செயலியை இறக்கச் சொன்னார். அதில் தோன்றிய ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு இணைப்பை அனுப்பி, அதில் 10 ரூபாய் ரீசார்ஜ் செய்தால் சரிபார்ப்பு முடிந்துவிடும் என்றார். அப்பா டெபிட் கார்டு விவரங்களையும் ஓடிபியையும் கொடுத்து 10 ரூபாய் கட்டினார். பேச்சு இன்னும் நீண்டுகொண்டிருந்தபோது நான் வந்து அழைப்பைத் துண்டித்தேன்.

கணக்கில் 10 ரூபாய் மட்டும்தான் குறைந்திருக்கிறது. அப்படியானால் தப்பித்துவிட்டோமா? எண் உண்மையிலேயே துண்டிக்கப்படுமா?

கம்பிவழி (11.36)

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், விளக்கம் பிறகு. அப்பாவின் கைபேசியில் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள். உங்கள் கைபேசியிலிருந்து வங்கியை அழைத்து, டெபிட் கார்டையும் இணைய வங்கிச் சேவையையும் யுபிஐயையும் முடக்கச் சொல்லுங்கள். வங்கியின் எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் பயன்படுத்துங்கள். முடித்துவிட்டு எழுதுங்கள்.

வெண்கொக்கு (11.44)

இது போலிதான், சந்தேகமே வேண்டாம். கண்டுபிடிப்பது எளிது. நிறுவனத்திலிருந்து வரும் செய்தி எப்போதும் எழுத்துகளாலான பெயரில்தான் வரும். பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் போலி, பெயரில் வந்தால் உண்மை. 10 ரூபாய் போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். அந்த எண்ணைத் தடை செய்தால் போதும்.

மூன்றாம் தெரு (11.49)

எல்லாவற்றையும் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஊரில் இருக்கும் என் அம்மாவின் எண்ணைச் சென்ற ஆண்டு உண்மையாகவே துண்டித்துவிட்டார்கள். முன்கூட்டியே செய்தியும் வந்திருந்தது. போலி என்று நினைத்து விட்டுவிட்டோம். அந்த எண்ணைத் திரும்பப் பெறவே முடியவில்லை.

அலைவாய்க்கரை (11.58)

கம்பிவழி ஐயா, நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன். 11.41க்குக் கார்டை முடக்கினார்கள். 11.24க்கு அதே கார்டில் 24,999 ரூபாய்க்கு ஒரு பரிவர்த்தனை தொடங்கப்பட்டதாகவும், ஓடிபி உள்ளிடப்படாததால் அது நிறைவேறவில்லை என்றும் வங்கியில் சொன்னார்கள். நான் அழைப்பைத் துண்டித்தது ஏறக்குறைய அந்த நேரம்தான். கை நடுங்குகிறது.

கம்பிவழி (12.15)

நல்ல வேளை. நான் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இதே கதையோடு வந்து அழுதவர்கள் பலர்.

அந்த 10 ரூபாயை அவர்கள் திருட்டுக்காகக் கேட்கவில்லை. அப்பா இறக்கியது திரைப் பகிர்வுச் செயலி. அலுவலகங்களில் தொலைவிலிருந்து கணினியைப் பழுது பார்க்கப் பயன்படும் நேர்மையான மென்பொருள்தான், அதனால்தான் ப்ளே ஸ்டோரில் கிடைக்கிறது. அந்த ஒன்பது இலக்க எண்ணைக் கொடுத்து அனுமதியும் அளித்த நொடியிலிருந்து அவர் பார்ப்பதையெல்லாம் மறுமுனையில் இருப்பவரும் பார்க்கிறார். அப்போது கார்டு எண்ணை அவராகவே திரையில் தட்டச்சு செய்ய ஒரு காரணம் வேண்டும். 10 ரூபாய் என்றால் யாரும் யோசிக்க மாட்டார்கள். பணம் கழிந்ததும் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியில் மீதி இருப்பும் தெரியும். எவ்வளவு எடுக்கலாம் என்பது அவர்களுக்கு அப்படித்தான் புலப்படுகிறது. அடுத்த ஓடிபியும் அதே திரையின் மேல் பட்டையில் வந்து விழும். 'அழைப்பைத் துண்டிக்காதீர்கள்' என்று பேச்சை நீட்டுவது அதற்காகத்தான்.

வெண்கொக்கு சொன்னதில் பாதி சரி. பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் போலி என்பதை நானும் ஏற்கிறேன். பெயரில் வந்தால் உண்மை என்பதைத்தான் ஏற்க முடியாது. நிறுவனங்கள் பதிவு செய்த அனுப்புநர் பெயர்களான தலைப்புகளே தவறாகப் பயன்படுவதைக் கண்டு, அவற்றை மறுபடி சரிபார்க்கும்படி 2023 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் உத்தரவிட வேண்டியிருந்தது. 2025 மே மாதத்திலிருந்து தலைப்பின் கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்து வருகிறது: விளம்பரத்துக்கு `-P`, சேவைக்கு `-S`, பரிவர்த்தனைக்கு `-T`, அரசுக்கு `-G`. அது ஓரளவு உதவும். ஆனால் இதே மிரட்டல் வாட்ஸ்அப்பில் வந்தால் எந்தத் தலைப்பும் உதவாது. நிறுவனத்தின் சின்னத்தை முகப்புப் படமாக யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

நான் முதலில் பார்ப்பது கெடுவைத்தான். உண்மையான மறுசரிபார்ப்பு எவ்வளவு மெதுவாக நடக்கும் என்று தெரிந்தால் இந்த மிரட்டல் எடுபடாது. ஒருவர் பெயரில் ஒன்பதுக்கு மேல் இணைப்புகள் இருந்தால் மறுசரிபார்ப்பு செய்ய வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அதிலேயே வெளிச்செல்லும் அழைப்புகளை நிறுத்த 30 நாள், உள்வரும் அழைப்புகளை நிறுத்த 45 நாள், இணைப்பை முழுவதும் ரத்து செய்ய 60 நாள் என்று அவகாசம் வைத்திருந்தார்கள். காவல் துறை சுட்டிக்காட்டிய எண்களுக்குக்கூட நாள் கணக்குதான், மணிக் கணக்கு இல்லை. நிறுவனம் அழைத்தாலும் கடைக்கு வரச் சொல்லும், அல்லது தன் சொந்தச் செயலியைப் பயன்படுத்தச் சொல்லும். ஒருவருடைய தனிக் கைபேசி எண்ணை அழைக்கச் சொல்லாது, வேறொரு செயலியையும் இறக்கச் சொல்லாது. 'ட்ராயிலிருந்து பேசுகிறோம்' என்று சொன்னாலும் அப்படியே. தனிப்பட்ட எண்களை ட்ராய் துண்டிப்பதில்லை.

மூன்றாம் தெரு, அம்மாவின் எண்ணில் ரீசார்ஜ் தீர்ந்து எத்தனை நாள் ஆகியிருந்தது?

மூன்றாம் தெரு (12.31)

அவர் எங்களோடு வந்து தங்கியிருந்தார். நான்கு மாதம் அந்தக் கைபேசியைத் தொடவே இல்லை.

கம்பிவழி (12.34)

அப்படியானால் அது பயன்படுத்தாததால் நடந்தது. 90 நாட்கள் அழைப்பு, குறுஞ்செய்தி, டேட்டா எதுவும் இல்லாமல் இருந்தால் எண்ணை ரத்து செய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதற்கும் கேஒய்சிக்கும் தொடர்பில்லை. உங்களுக்கு வந்த செய்தி ரீசார்ஜ் செய்யச் சொல்லியிருக்கும், யாரையும் அழைக்கச் சொல்லியிருக்காது.

அலைவாய்க்கரை, இணைப்பை அணைத்த நிலையிலேயே அந்தச் செயலியை நீக்குங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அமைப்புகளில் செயலிகளின் முழுப் பட்டியலையும் அப்பாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவருக்கு வேறு ஏதாவது கோப்பு அனுப்பினார்களா என்று கோபப்படாமல் கேளுங்கள்.

அலைவாய்க்கரை (1.05)

இருக்கிறது. வாட்ஸ்அப்பில் `.apk` என்று முடியும் ஒரு கோப்பு வந்திருக்கிறது, அப்பா நிறுவியும்விட்டார். படிவம் நிரப்புவதற்கு என்றார்களாம். முகப்புத் திரையில் அதன் சின்னமே இல்லை. பட்டியலில் மட்டும் எங்கள் நிறுவனத்தின் பெயரோடு இருக்கிறது. அனுமதிகளில் 'குறுஞ்செய்தி' என்று காட்டுகிறது. நீக்கும் பொத்தான் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை.

கம்பிவழி (1.14)

இதைத்தான் அஞ்சினேன். திரைப் பகிர்வை நிறுத்திய பிறகும் வேலை செய்வது இது. வரும் குறுஞ்செய்திகளை அப்படியே இன்னோர் எண்ணுக்கு அனுப்பிவிடும். கார்டை முடக்காமல் திரைப் பகிர்வுச் செயலியை மட்டும் நீக்கியிருந்தால், இரவு நீங்கள் தூங்கும்போது ஓடிபி அவர்களுக்குப் போயிருக்கும்.

பொத்தான் மங்கியிருந்தால், கைபேசியின் நிர்வாகி உரிமையை அது வாங்கி வைத்திருக்கிறது என்று பொருள். அமைப்புகளின் தேடல் கட்டத்தில் 'நிர்வாகி' என்றோ ஆங்கிலத்தில் `device admin` என்றோ தேடினால் ஒரு பட்டியல் வரும். அதில் அதை அணைத்த பிறகு நீக்க முடியும். 'அணுகல்தன்மை' பகுதியில் அதன் பெயர் இருந்தால் அங்கும் அணையுங்கள். அப்படியும் அடம் பிடித்தால் கைபேசியைப் பாதுகாப்பான பயன்முறையில் தொடங்கி நீக்குங்கள். அதுவரை சிம்மைக் கழற்றி ஒரு பழைய பொத்தான் கைபேசியில் போடுவது நல்லது.

வெண்கொக்கு (1.22)

எண்ணைத் தடை செய்தால் போதும் என்று நான் சொன்னது தவறு. மன்னிக்கவும். முழுக் கைபேசியையும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவதே பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

கம்பிவழி (1.29)

என் கைபேசியாக இருந்தால் நானும் அழித்துவிடுவேன். ஆனால் அவசரப்பட வேண்டாம். முதலில் 1930ஐ அழைத்தோ `cybercrime.gov.in` தளத்திலோ புகாரைப் பதியுங்கள். செய்தி, அழைப்புப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், அந்தக் கோப்பின் பெயர் எல்லாவற்றையும் இன்னொரு கைபேசியால் படம் எடுத்துக்கொண்ட பிறகு அழியுங்கள். வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள், புகார் எண்ணை வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளர் தானே விவரங்களைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் அவருடைய இழப்பு. தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. 11.41 என்ற நேரம் உங்களுக்குச் சாட்சி.

அலைவாய்க்கரை (மாலை 5.20)

நிர்வாகிப் பட்டியலில் அணைத்ததும் நீக்க முடிந்தது. புகார் எண் கிடைத்துவிட்டது. வங்கிக் கிளையில் கடிதம் கொடுத்து, புதிய கார்டுக்கு விண்ணப்பித்தோம். ஒரு விஷயத்தை அப்பா இப்போதுதான் சொன்னார். ஆதார் அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதைத் திரும்பப் பெற வழியே இல்லையா?

கம்பிவழி (5.41)

திரும்பப் பெற முடியாது. தவறாகப் பயன்படுகிறதா என்று கவனிக்கலாம். ஆதார் தளத்தில் கைரேகை, கருவிழிப் பூட்டைப் போடுங்கள். `sancharsaathi.gov.in` தளத்தில் அப்பாவின் எண்ணையும் அதற்கு வரும் ஓடிபியையும் கொடுத்தால், அவர் பெயரில் இயங்கும் இணைப்புகளின் பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால் 'என் எண் இல்லை' என்று அங்கேயே புகாரளிக்கலாம். மோசடிச் செய்தி வந்த எண்ணைத் தெரிவிக்க அதே தளத்தில் சக்‌ஷு என்ற பகுதியும் இருக்கிறது. இன்று ஒருமுறை பாருங்கள், அடுத்த மாதமும் ஒருமுறை பாருங்கள். வேறு யாரேனும் அவர் பெயரில் சிம் வாங்கினால் அது உடனே தெரியாமல் போகலாம்.

அலைவாய்க்கரை (6.08)

பார்த்தோம். இரண்டு எண்கள் காட்டுகிறது. ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று யாருடையது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அது பழையதா இன்றையதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்றாம் தெரு (6.15)

அம்மாவுக்கு முன்பு வாங்கிய சிம் ஒன்று இதேபோல் என் அப்பா பெயரில் கிடந்தது. பழைய டைரிகளில் தேடிப் பாருங்கள்.

கம்பிவழி (6.22)

அந்தப் பட்டியலை வைத்து என்னால் சொல்ல முடியாது. நாளை அப்பாவோடு நிறுவனத்தின் சொந்தக் கடைக்கு நேரில் போய், எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்று கேளுங்கள். தெரியும் வரை 'என் எண் இல்லை' என்று அழுத்தாதீர்கள். வீட்டில் யாரோ பயன்படுத்தும் எண்ணாக இருந்தால் அதுவே துண்டிக்கப்பட்டுவிடும்.