என்ட்ரோப்பிக்குத் தமிழில் என்ன சொல்: ஆறிப்போன ஒரு குவளை தேத்தண்ணி

டியூஷன் வாத்தியார், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் படிவப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு மாலையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அறிவியலைத் தமிழில் கேட்க அவர்களுக்கு வாய்ப்பே இல்லை. அதனால் கடினமான இடங்களைத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். போன வாரம் வெப்பவியலில் வரும் என்ட்ரோப்பி என்ற அளவை 'ஒழுங்கின்மை' என்று எழுதிப் போட்டேன். ஒரு பெண் என் மேசையில் ஆறிக்கிடந்த குவளையைக் காட்டி, "அப்போ சூடா இருந்தப்ப இந்தத் தேத்தண்ணி ஒழுங்கா இருந்துச்சா சார்? இப்ப கெட்டுப்போச்சா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. சொல்லை மாற்ற வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. உங்கள் யோசனை?

பொறியாளர், கிள்ளான்

சார், பிரபஞ்சத்தில் என்ட்ரோப்பி எப்போதும் கூடும், குறையாது. ஆகவே தே ஆறும்போது அதன் என்ட்ரோப்பியும் கூடுகிறது. பயன்படாமல் வீணாகும் ஆற்றல்தான் அது. 'சிதைவாற்றல்' என்று வைத்துவிடுங்கள், பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

ஓய்வு பெற்ற விரிவுரையாளர், ஈப்போ

தம்பி, முதல் வாக்கியம் சரி. இரண்டாவது தலைகீழ். ஆறும் தேயின் என்ட்ரோப்பி குறைகிறது. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

200 கிராம் தே, 80 டிகிரி. அறை 30 டிகிரி. பாலையும் சீனியையும் மறந்துவிட்டுத் தண்ணீர் என்றே கொள்ளுங்கள். ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் ஏறத்தாழ 837 ஜூல் வெப்பம் வெளியே போகும். அந்த வெப்பத்தை, அதை இழக்கும் அல்லது பெறும் பொருளின் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் அந்தப் பொருளின் என்ட்ரோப்பி எவ்வளவு மாறியது என்று வரும்.

80-இலிருந்து 79-க்கு இறங்கும்போது தே சுமார் 353 கெல்வினில் இருக்கிறது. 837-ஐ அதனால் வகுத்தால் 2.37. இது தே இழந்தது. அதே 837 ஜூல் அறைக்குள் நுழைகிறது. அறை 303 கெல்வின், வகுத்தால் 2.76. கொடுத்தவர் கணக்கில் 2.37 கழிந்தது, வாங்கியவர் கணக்கில் 2.76 ஏறியது. வெப்பம் ஒரு ஜூல்கூடக் கூடவில்லை, ஆனால் என்ட்ரோப்பி கூடிவிட்டது. ஒரே காசு பணக்காரர் கையில் இருப்பதற்கும் ஏழை கையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் போல.

கடைசி டிகிரியைப் பாருங்கள். 31-இலிருந்து 30-க்கு வரும்போது தே இழப்பது 2.757, அறை பெறுவது 2.762. ஏறக்குறைய சமம். அதற்கு மேல் கூட எதுவுமில்லை என்பதால்தான் தே அங்கே நின்றுவிடுகிறது. ஐம்பது டிகிரியையும் கூட்டினால் தேக்குக் குறைந்தது 127.8, அறைக்குக் கூடியது 138.1. மிச்சம் 10.3 ஜூல்/கெல்வின்.

அந்த அலகை உற்றுப் பாருங்கள், வெறும் ஜூல் இல்லை. ஆகவே பெயரில் 'ஆற்றல்' வரவே கூடாது.

தேத்தண்ணிக் கடை, சுங்கை சிப்புட்

வாத்தியாரே, நான் ஏதோ 'தேநீரா தேத்தண்ணியா' சண்டை என்று நினைத்து உள்ளே வந்தேன். எங்கள் ஊரில் தேத்தண்ணிதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஈப்போ விரிவுரையாளர் அம்மா சொன்னதில் ஒன்று கேட்கணும். நான் தே தாரிக்கை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயர ஊற்றி இழுத்தால் நாலே இழுப்பில் சூடு தணிந்துவிடும். மேசையில் வைத்தால் அரை மணி நேரம். அந்த 10.3 ரெண்டுக்கும் ஒன்றுதானா?

ஓய்வு பெற்ற விரிவுரையாளர், ஈப்போ

அண்ணே, இங்கே வந்த கேள்விகளில் இதுதான் நல்ல கேள்வி. வெப்பம் மட்டும் அறைக்குப் போயிருந்தால் ஒன்றுதான். எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதே கணக்கு, எவ்வளவு நேரம் எடுத்தது என்பது அல்ல. ஆனால் நீங்கள் இழுக்கும்போது தே கொஞ்சம் ஆவியாகவும் போகிறது, அந்த ஆவி தன் பங்கு என்ட்ரோப்பியைக் காற்றுக்குக் கொண்டுபோகும். நான் போட்டது மூடி போட்ட குவளையின் கணக்கு. மூடாத குவளையில் எடை பார்த்தாலே தே குறைந்திருப்பது தெரியும்.

பொறியாளர், கிள்ளான்

அம்மா, தே விஷயத்தில் தவறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வீணாதல்' முழுப் பொய்யா? 10.3-ஐ அறையின் 303-ஆல் பெருக்கினால் சுமார் 3,100 ஜூல். தேக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சிறந்த எந்திரத்தை வைத்திருந்தால் அதிகபட்சம் இவ்வளவு வேலை கிடைத்திருக்கும். 50 கிலோ உர மூட்டையை ஆறு மீட்டருக்கு மேல் தூக்கலாம்! குவளையை மேசையில் வைத்துவிட்டு மறந்ததால் அது போய்விட்டது. அதோடு, 1865-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் இந்தப் பெயரை வைத்தபோது 'எனர்ஜி' என்ற சொல்லின் சாயல் இருக்கட்டும் என்று வேண்டுமென்றேதானே வைத்தார்?

ஓய்வு பெற்ற விரிவுரையாளர், ஈப்போ

3,100 சரி, மூட்டையும் சரி. ஆனால் அது என்ட்ரோப்பியை அறையின் வெப்பநிலையால் பெருக்கிய பிறகு வருவது. வெளியேறிய வெப்பம் 41,860 ஜூல், அதில் மூவாயிரத்துச் சொச்சம்தான் வேலையாக மாறியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிளாசியஸ் சாயல் வைத்தது உண்மை, ஆனால் அவர் எடுத்த வேர்ச்சொல் வேறு. கிரேக்கத்தில் 'ட்ரோப்பே' என்றால் மாறுதல், திரும்புதல். எனக்கு 'திரிபம்' பிடித்திருக்கிறது. பால் திரிந்தால் திரும்பாது அல்லவா!

முன்னாள் ரப்பர் ஆலைத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

உங்கள் கணக்கெல்லாம் எனக்கு வராது. என் விஷயத்தைச் சொல்கிறேன். அகலமான ரப்பர் பட்டையைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். விட்டுவிட்டு வைத்தால் குளிரும். எடை தொங்கும் ரப்பரின் மேல் சுடுதண்ணீர் ஊற்றினால் நீளாது, சுருங்கி எடையைத் தூக்கும். இதுவும் நீங்கள் பேசும் சாமான்தான் என்று என் மகள் சொல்கிறாள். நிஜமா?

ஓய்வு பெற்ற விரிவுரையாளர், ஈப்போ

நிஜம் ஐயா. உங்கள் மகளைக் கையோடு இங்கே சேர்த்துவிடுங்கள். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சும்மா இருக்கும்போது எத்தனையோ விதமாகச் சுருண்டு கிடக்கலாம். இழுத்தால் நீண்டு நிற்க வேண்டும், இருக்கக்கூடிய விதங்கள் குறைந்துவிடும். தேயும் அப்படியே. சூடான தேயில் ஆற்றலை மூலக்கூறுகளுக்குள் பங்கிட ஏராளமான விதங்கள், ஆறினால் குறைவு. அறையில் அதைவிட அதிகமாகக் கூடிவிடுகிறது. வியன்னாவில் இயற்பியலாளர் போல்ட்ஸ்மன் கல்லறையில் பொறித்திருக்கும் `S = k log W` சொல்வது இதைத்தான்: S என்ட்ரோப்பி, W இந்த விதங்களின் எண்ணிக்கை, k ஒரு மாறிலி.

டியூஷன் வாத்தியார், சுங்கை சிப்புட்

இப்போது சொல்லைச் சோதிக்க ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது: "தேயின் ___ குறைந்தது, அறையின் ___ அதைவிடக் கூடியது." 'சிதைவு' போட்டுப் படித்தால் ஆறிய தே புதிதாகிவிட்டது போல ஒலிக்கிறது. 'ஒழுங்கின்மை'யும் தடுமாறுகிறது, ஆறிய தே எந்த வகையில் ஒழுங்கானது என்று அந்தப் பெண் மறுபடி கேட்பாள். 'சிதறம்' என்று சிலர் எழுதுகிறார்கள், வாக்கியத்தில் பொருந்துகிறது. ஆனால் ஒளிச்சிதறல் படித்த பிள்ளைக்குக் குழப்பம், இழுத்த ரப்பரில் எது சிதறாமல் நிற்கிறது என்றும் விளக்க வேண்டும்.

நேற்று 'திரிபம்' எழுதிப் போட்டேன். கடைசி வரிசைப் பையன் குவளையை எட்டிப் பார்த்து, "பால் திரிஞ்சிடுச்சா சார்?" என்றான். இலக்கணத் திரிபு வேறு இருக்கிறது.

பொறியாளர், கிள்ளான்

விதங்களை எண்ணுவது என்றால் 'விதமை'?

தேத்தண்ணிக் கடை, சுங்கை சிப்புட்

விதமையா, விதவையா? கடையில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓய்வு பெற்ற விரிவுரையாளர், ஈப்போ

சனிக்கிழமை வகுப்பில் 'சிதறம்', 'திரிபம்' இரண்டையும் அந்த வாக்கியத்தில் போட்டு, விளக்கம் சொல்லாமல் படிக்கக் கொடுங்கள். தேயின் என்ட்ரோப்பி குறையும் என்று எந்தச் சொல்லைப் படித்தவர்கள் நம்புகிறார்கள் என்று எழுதுங்கள். அதுவரை நான் 'என்ட்ரோப்பி' என்றே எழுதுவேன்.