‘வாஸ்யம்’: தமிழில் என்ன சொல்?

தருமபுரியிலிருந்து:
எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக ஈசாவாஸ்ய உபநிடதத்துக்குச் சொல்லடைவு தயாரிக்கிறோம். 18 மந்திரங்களே கொண்ட சிறு நூல்தான்; முதல் அடியிலேயே வண்டி நின்றுவிட்டது. ‘ஈசா வாஸ்யமிதம் ஸர்வம்’. ‘ஈசா’ என்றால் ஈசனால். ‘வாஸ்யம்’ என்பதற்கு ‘மூடப்பட்டது’ என்று எழுதியிருக்கிறோம். மூடி வேறு, உள்ளிருப்பது வேறு என்றாகிவிடுவதால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அரூரிலிருந்து:
‘ஈசன் வசிப்பது’ என்று போடுங்கள் ஐயா. வஸ் என்றால் வசித்தல். இதற்கு ஏன் இத்தனை யோசனை?

ஓசூரிலிருந்து:
அரூர் ஐயா சொல்வது பாதி சரி. வஸ் என்று இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று வசித்தல், மற்றொன்று உடுத்துதல், வஸ்திரம் அதில் பிறந்தது. மத்வர் முதலாவதைக் கொண்டு, ஈசன் உறைவதற்கு உரியது என்கிறார். சங்கரர் இரண்டாவதைக் கொள்கிறார். அவர் காட்டும் உவமை சந்தனக் கட்டை. ஈரம் பட்டுத் துர்நாற்றம் ஏறிய கட்டையை இழைத்தால், அதன் சொந்த மணமே எழுந்து நாற்றத்தை மறைத்துவிடும். போர்வை வெளியிலிருந்து வரவில்லை. ‘மூடு’ இங்கே ஒட்டாததற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்று. ‘வாஸ்யம்’ நடந்து முடிந்ததைச் சொல்லும் வடிவம் அன்று, செய்யத்தக்கதைச் சொல்வது. உலகை ஈசனால் போர்த்திப் பார்க்க வேண்டியவன் வாசகன். அப்போதுதான் ‘பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே’ என்று அடுத்த அடி அவனிடம் பேச முடியும். ‘உறை’ என்ற சொல்லில் வசித்தலும் போர்வையும் இரண்டும் இருக்கின்றன. அதைப் பயன்படுத்தலாமே.

பர்கூரிலிருந்து:
கல்லில் எழுத்து வெட்டுகிறவன் நான். ‘இறையுறை’ என்று வையுங்கள். நான்கே எழுத்து, ஒரு புள்ளிகூட இல்லை. கூலியும் குறையும்.

தருமபுரியிலிருந்து:
அண்ணா, இது கல்லுக்கு அன்று, சொல்லடைவுக்கு. ‘இறையுறை’ என்றால் வாளுறைதான் நினைவுக்கு வருகிறது; ‘தக்கது’ என்ற பொருளும் போய்விட்டது. ‘உறையத்தக்கது’ என்று நீட்டினாலோ வசித்தல் மட்டுமே மிஞ்சுகிறது. போர்வைப் பொருளுக்கு ‘உறையிடத்தக்கது’ என்றாக வேண்டும். இரண்டையும் ஒரே வினை தாங்கவில்லை.

பாலக்கோட்டிலிருந்து:
பாலில் உறைமோர் ஊற்றுகிறோமே, அந்த ‘உறை’யை ஏன் விட்டுவிட்டீர்கள்? தயிரான பிறகு மோர் எது, பால் எது என்று யாரால் பிரிக்க முடியும்?

ஓசூரிலிருந்து:
அழகாகச் சொன்னீர்கள் அம்மா. ஆனால் அதில் பாலே மாறிவிடுகிறது. சந்தனம் மாறுவதில்லை, மேலே ஏறியதுதான் அடங்குகிறது. சங்கரர் அந்தத் தயிரை ஏற்கமாட்டார்.

தருமபுரியிலிருந்து:
இப்போதைக்கு இரண்டு பதிவாக இடுகிறேன். சங்கரர் உரைக்கு ‘போர்த்தத்தக்கது’, மத்வர் உரைக்கு ‘உறைதற்குரியது’. அடுத்து ‘த்யக்தேன’ காத்திருக்கிறது. துறந்து வாழ் என்பதா, அவன் விட்டுத்தந்ததைக்கொண்டு வாழ் என்பதா?

அரூரிலிருந்து:
அதற்குப் பிறகு வருவோம். ‘போர்த்தத்தக்கது’ கிரயப் பத்திர வாசகம் போல இருக்கிறது. நான் இன்னும் சம்மதிக்கவில்லை.